பழைய பெட்ரோல் காரும் வெளியில் பொருத்திய வாயு கிட்டும்

ஒரு பழைய கார் என்ஜின் வழக்கத்தைவிட மென்மையாக ஓடினால் வாங்குபவர் மகிழ்வார். பெட்ரோல் காரில் பின்னாளில் சிஎன்ஜி கிட் பொருத்தி ஓட்டப்பட்ட என்ஜினாக இருந்தால், அந்த மென்மையே நின்று விசாரிக்க வேண்டிய அறிகுறியாகவும் இருக்கலாம். உலோகப் பரப்புகளின் தேய்மானம் பற்றிய ஆய்வில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆயினும் சென்ற ஆண்டு புனேயில் அப்படியொரு காரை வாங்க முற்பட்டபோதுதான் இந்தக் கேள்விகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்க நேர்ந்தது. ஆய்வு உதவித்தொகையில் குடும்பம் நடத்தும் நண்பர்கள் பலர் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் தேவை எளிமையானது. மனைவி வேலைக்குச் சென்றுவர நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. வழியில் மகளைப் பள்ளியில் விட வேண்டும். பார்த்த கார் 2017ஆம் ஆண்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 2019 பிப்ரவரியில், 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, முதல் உரிமையாளர் வெளிப் பணிமனை ஒன்றில் சிஎன்ஜி கிட் பொருத்தியிருக்கிறார். நாங்கள் பார்த்தபோது 88,000 ஓடியிருந்தது. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் என்று கொண்டால் பெட்ரோலில் ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய் ஆகும். ஒரு கிலோ வாயுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று கொண்டால் நான்கு ரூபாய். மாதம் 1,400 கிலோமீட்டருக்கு இந்த இரண்டரை ரூபாய் வேறுபாடு 3,500 ரூபாய். அதை அப்படியே மிச்சம் என்று எழுதிவிட முடியாது. அதிலிருந்து என்ஜின் எதைத் தின்னும், சட்டமும் காப்பீடும் எதைக் கேட்கும் என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் தேய்மானம். வாயு என்ஜினைக் ‘காயவைக்கும்’ என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அந்தச் சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அது என்ஜின் முழுவதற்கும் பொருந்துவதல்ல. பிஸ்டனும் பேரிங்குகளும் என்ஜின் ஆயிலில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குப் பெட்ரோலா வாயுவா என்பது பெரிய பொருட்டன்று. சொல்லப்போனால், குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் திரவமாகக் கசிந்து ஆயிலைக் கழுவுவதுபோல வாயு கழுவுவதில்லை. உண்மையில் பாதிக்கப்படும் இடம் மிகச் சிறியது: வெளியேற்ற வால்வும், அது வந்து அமரும் உலோக வளையமும். பணிமனையில் அந்த வளையத்தை ‘வால்வு சீட்’ என்கிறார்கள்.

ஒவ்வொரு முறை மூடும்போதும் வால்வு அந்தச் சீட்டின்மேல் அறைந்து அமர்கிறது. சூடான இரண்டு உலோகங்கள் அழுத்தத்தில் தொட்டால் நுண்ணிய புள்ளிகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரியும்போது மென்மையான பரப்பிலிருந்து ஒரு துகள் பெயர்ந்து போகும். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் மெல்லிய கரிப்படலம் இந்த நேரடித் தொடுகையை ஓரளவு தடுக்கிறது. ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயச் சேர்மத்தின் படிவும் இதே காவலைச் செய்தது. ஈயம் நீக்கப்பட்டபோது பழைய என்ஜின்களில் சீட்டுகள் தேய்ந்ததற்குக் காரணம் அதுவே. சிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன், தூய்மையாக எரியும், அந்தப் படலத்தை விட்டுவைப்பதில்லை. அதனால்தான் தொழிற்சாலையிலேயே சிஎன்ஜி பொருத்தி வரும் கார்களில் பொதுவாக இன்னும் கடினமான சீட்டும் வால்வும் வைக்கிறார்கள். பெட்ரோலுக்கென்று கட்டப்பட்ட என்ஜினில் வெளியே கிட் பொருத்துபவர் என்ஜினின் ஹெட்டைத் திறப்பதே இல்லை. பழைய சீட்டே தொடர்கிறது.

இரண்டாவது காரணம் வெப்பம். மீத்தேனின் சுடர் பெட்ரோலின் சுடரைவிட மெதுவாகப் பரவுகிறது. எனவே ஸ்பார்க் சற்று முன்னதாகவே விழ வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத கிட்டில் எரிதல் தாமதமாக முடிகிறது; மிச்ச வெப்பம் வெளியேற்ற வால்வின் வழியே போகிறது. காற்றோடு சேரும் வாயு குறைவாக அமைந்துவிட்டால் ஆக்சிஜன் மிஞ்சி, சூடான உலோகப் பரப்பு மேலும் அரிக்கப்படுகிறது.

தேய்ந்த சீட்டில் வால்வு சிறிது சிறிதாக உள்ளே அமிழ்கிறது. வால்வு அமிழ்ந்தால் அதன் மறுமுனை மேலே உயர்கிறது. கேமுக்கும் டேப்பெட்டுக்கும் இடையே வைத்த இடைவெளி சுருங்குகிறது. இடைவெளி சுருங்கினால் ‘டக் டக்’ ஓசை குறைகிறது. தொடக்கத்தில் சொன்ன மென்மை இதுதான். அந்த இடைவெளி, சூட்டில் நீளும் வால்வுக்காக விட்ட இடம். அது முற்றிலும் போய்விட்டால் வால்வு முழுமையாக மூடாது. மூடாத விளிம்பின் வழியே எரியும் வாயு பீறிட்டு ஓடி வால்வின் ஓரத்தையே சுட்டுத் தின்றுவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமம், ஐடிலில் நடுக்கம், ஓர் உருளையில் அழுத்தக் குறைவு என்பவை தெரிய வரும்போது செலவு ஏற்கெனவே பெரிதாகியிருக்கும். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அளந்துவிடுவதே வழி.

விற்பவரின் சம்மதத்தோடு காரைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். என்ஜின் முழுவதும் குளிர்ந்த பின், மேல்மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் தகடுகளால் பதினாறு வால்வுகளையும் அளந்தார். அந்த என்ஜினுக்கு வெளியேற்ற வால்வின் இடைவெளி 0.27 முதல் 0.33 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். உள்ளிழுக்கும் வால்வுகள் எட்டும் தத்தம் அளவுக்குள் இருந்தன. வெளியேற்ற வால்வுகளில் ஒன்றுகூட அளவுக்குள் இல்லை, பெரும்பாலானவை 0.19 முதல் 0.24 வரை, மூன்றாம் உருளையில் ஒன்று மட்டும் 0.16. ஒரு பக்கம் சீராக இருக்க மறுபக்கம் மட்டும் சுருங்கியிருப்பது, இது பொதுவான முதுமை அன்று, வெளியேற்ற சீட்டின் தேய்மானம் என்பதைக் காட்டிவிடுகிறது.

இந்த எண்ணை வைத்து ஓர் எளிய கணக்கு போடலாம். தொடக்க இடைவெளி நடுமதிப்பான 0.30 என்று கொள்வோம். மிக மோசமான வால்வு வாயுவில் ஓடிய 57,000 கிலோமீட்டரில் 0.14 மில்லிமீட்டர் இழந்திருக்கிறது. அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் 0.0025. மெக்கானிக் 0.10க்குக் கீழே விடமாட்டேன் என்கிறார். அந்த எல்லைக்கு மீதமிருப்பது 0.06, சுமார் 24,000 கிலோமீட்டர். தேய்மானம் என்றும் நேர்கோட்டில் செல்வதில்லை. சரிசெய்யப்படாத கிட்டில் அது விரைவுபடும். எனவே இருபதாயிரத்துக்கு ஒருமுறை அளப்பது என்று வைத்துக்கொள்வது நலம்.

இந்த வகை என்ஜினில் இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய முடியாது. கேம் தண்டைக் கழற்றி, தடிமன் குறைந்த டேப்பெட்டைப் போட வேண்டும். அதற்கு அவர் சொன்ன தொகை ஆறாயிரம் ரூபாய். ஒரு கட்டத்தில் ஹெட்டையே இறக்கிக் கடினமான சீட்டுகளைப் பொருத்த வேண்டியிருக்கும், அதற்கு 28,000. முதலாவது 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இரண்டாவது ஒன்றரை லட்சத்துக்கு ஒருமுறை என்று பரப்பினால் கிலோமீட்டருக்கு 24 பைசாவும் 19 பைசாவும் ஆகின்றன. வடிகட்டிகள், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைச் சேர்த்து ஐம்பது, அறுபது பைசா என்று வையுங்கள். இரண்டரை ரூபாய் மிச்சத்தில் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. ஆக, வாயுவால் என்ஜின் தேய்கிறது என்பது மெய். ஆனால் அந்தத் தேய்மானத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுத்துவிட முடியும். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாதவருக்கு இந்தக் கணக்கு கிட்டின் விலையைத் திருப்பித் தரவே பல ஆண்டுகள் ஆகும்.

தேய்மானத்தை விரைவுபடுத்தும் ஒன்றைத் திறக்காமலேயே கண்டுகொள்ளலாம். இக்காலக் கிட்டில் உள்ள சிறு கணினி, காரின் பெட்ரோல் கணினி இன்ஜெக்டருக்கு அனுப்பும் கட்டளையை இடைமறித்து, அதை வாயுவுக்குத் தக்கவாறு மாற்றி வாயு இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. அந்த மாற்றம் தவறாக அமைந்திருந்தால், பெட்ரோல் கணினி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கும். சாதாரண ஸ்கேனரில் இந்தத் திருத்தம் LTFT என்ற பெயரில் தெரியும். பெட்ரோலில் அரைமணி, வாயுவில் அரைமணி ஓட்டி இரண்டையும் ஒப்பிட வேண்டும். எங்கள் காரில் பெட்ரோலில் +2 சதவீதம், வாயுவில் +14. அதாவது கிட் குறைவாக வாயு விடுகிறது. கார் ஓயாமல் ஈடுகட்டுகிறது. சமதளத்தில் இந்த ஈடு போதும். மலைப்பாதையில் முழுவதும் மிதிக்கும்போது பல கார்களில் சென்சாரைப் பார்த்துத் திருத்தும் சுற்று நின்றுவிடுகிறது; வால்வு மிகச் சூடாகும் வேளையும் அதுதான். கிட் தெரிந்த பணிமனையில் மறுபடி அமைத்த பின் அது +4க்கு வந்தது.

அடுத்தது உத்தரவாதமும் பதிவும். எங்கள் காரின் தொழிற்சாலை உத்தரவாதம் முன்னரே முடிந்துவிட்டதால் இழக்க ஒன்றுமில்லை. ஆனால் உத்தரவாதக் காலம் மீதமுள்ள காரில் வெளியே கிட் பொருத்தினால், என்ஜின், எரிபொருள் அமைப்பு, மின்கம்பிகள் ஆகியவற்றுக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்க அதுவே போதுமான காரணம் ஆகிவிடும். கிட்டுக்கென்று தரும் உத்தரவாதம் வேறு. அது கிட்டின் பாகங்களுக்கே உரியது, தேய்ந்த வால்வு சீட்டுக்கு அன்று.

உத்தரவாதத்தைவிட முக்கியம் பதிவுச் சான்றிதழ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி எரிபொருள் மாற்றம் என்பது வாகனத்தின் மாற்றம். பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பொருத்தும் கிட்டும் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். பிஎஸ்-6 பெட்ரோல் கார்களுக்கு வெளியில் கிட் பொருத்த மத்திய அரசு அனுமதித்தது 2022இல்தான். அதற்கு முந்தைய தேதியில் பிஎஸ்-6 காரில் கிட் இருந்தால் அந்த ஒப்புதல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். சான்றிதழில் எரிபொருள் என்ற இடத்தில் PETROL/CNG என்று இருக்க வேண்டும். PETROL என்று மட்டும் இருந்து டிக்கியில் சிலிண்டர் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எங்கள் காரில் பதிவு சரியாக இருந்தது. காப்பீட்டில் கிட் சேர்க்கப்படவில்லை. சேர்ப்பதற்குச் செலவு அதிகமில்லை. கிட்டின் மதிப்பில் நான்கு சதவீதம், மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கு 60 ரூபாய். 45,000 ரூபாய் கிட்டுக்கு ஆண்டுக்கு 1,800 ரூபாயும் அந்த அறுபதும். இதை மிச்சப்படுத்தினால், கார் தீப்பற்றிய நாளில் நிறுவனத்தோடு தகராறுக்கு நாமே வழி திறந்துவைத்தவர்கள் ஆவோம்.

இவ்வளவையும் எண்களாக்கி ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன். அவர் கணக்கை மறுக்கவில்லை. “பின் சீட்டில பாப்பா உட்காருவா. அவ முதுகுக்குப் பின்னால இருக்கற சிலிண்டரை இதுவரைக்கும் யாராவது கழற்றிப் பார்த்திருக்காங்களாங்க?” என்று மட்டும் கேட்டார். அந்தத் தாளில் அதற்கு இடமே இல்லை.

டிக்கியில் இருப்பது அறுபது லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுச் சிலிண்டர். நிரம்பிய நிலையில் உள்ளே 200 பார் அழுத்தம். காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு. மீத்தேன் காற்றைவிட இலேசானது, பெட்ரோல் ஆவியைவிட உயர்ந்த வெப்பத்தில்தான் தானாகப் பற்றும். எனவே திறந்த வெளியில் கசிவு மேலெழுந்து கலைந்துவிடும். மூடிய டிக்கியில் இந்த நற்குணம் உதவாது. அதற்காகவே சிலிண்டரின் வால்வைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதிலிருந்து குழாய் வழியே கசிவைக் காருக்கு வெளியே விடுகிறார்கள். எங்கள் காரில் அந்தக் குழாயின் ஒரு முனை கழன்று டிக்கிக்குள்ளேயே கிடந்தது. திரும்பச் செருகினால் தீரும் குறை. ஆனால் யாரும் நெடுநாளாகப் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி.

கார்களில் உள்ள சிஎன்ஜி சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதைக் காரிலிருந்து கழற்றி, வாயுவை வெளியேற்றி, உள்ளும் புறமும் பார்த்து, நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட மிக உயர்ந்த அழுத்தம் கொடுக்கிறார்கள். நீர் சுருங்காத பொருள் ஆதலால், சிலிண்டர் பிளந்தாலும் வாயுவைப்போல வெடித்துச் சிதறாது. அழுத்தம் நீங்கிய பின் எஃகு பழைய அளவுக்குத் திரும்புகிறதா, எவ்வளவு நிரந்தரமாக விரிந்துவிட்டது என்பதே தேர்வு. தேறினால் தேதியைச் சிலிண்டரிலேயே பொறித்துச் சான்று தருகிறார்கள்.

2019இல் பொருத்தியது என்றால் 2022லும் 2025லும் சோதனை நடந்திருக்க வேண்டும். விற்பவர் இரண்டாவது சான்றையும் காட்டினார். நான்கு மாதம் முந்தைய தேதி. ஆனால் சிலிண்டரைப் பிடித்திருக்கும் பட்டையின் போல்ட்டுகளில் பல ஆண்டுத் தூசி கட்டியாக இறுகியிருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. சிலிண்டரின் தோளில் 2022ஆம் ஆண்டுப் பொறிப்புக்குப் பின் வேறொன்றும் இல்லை. கழற்றாத சிலிண்டரைச் சோதித்ததாக ஒரு தாள். அவரிடம் கேட்டபோது அவருக்கே அது புதிய செய்தி. ஒரு முகவரிடம் பணம் கொடுத்தார், இரண்டு நாளில் தாள் வந்தது, அந்தத் தாளும் தகடும் இருந்ததால் பங்கில் வாயு நிரப்ப மறுக்கவில்லை.

உண்மையான சோதனைக்கு நானும் உடன் போனேன். நீர் அழுத்தம் வரை போகவே தேவைப்படவில்லை. பட்டைக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய ரப்பர் பட்டி ஓரிடத்தில் கிழிந்து போயிருந்தது. அங்கே எஃகும் எஃகும் உரசி, வண்ணம் போய், மழைக்கால ஈரம் தேங்கி, விரல் அகலத்துக்குக் குழிகுழியாக அரித்திருந்தது. பரிசோதகர் அளவியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நிராகரித்த சிலிண்டரை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி அங்கேயே சிதைத்துவிட வேண்டும் என்பது விதி, அப்படியே செய்தார்கள்.

விற்பவர் புதிய சிலிண்டரின் விலையைக் காரின் விலையிலிருந்து கழித்துக்கொண்டார்; நாங்கள் வாங்கினோம். புதிய சிலிண்டரின் எண்ணைப் பதிவிலும் காப்பீட்டிலும் ஏற்றிய பின்பே மகள் பின்னிருக்கையில் ஏறினாள்.

இத்தகைய காரைப் பார்க்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வரிசையைச் சொல்லலாம். முதலில் பதிவுச் சான்றிதழின் எரிபொருள் வரி. அது தவறினால் மேலே செல்ல வேண்டாம். பிறகு சிலிண்டர்: தாளில் உள்ள எண்ணும் தேதியும் தோளில் பொறித்தவையும் ஒன்றா, போல்ட்டுகள் திறக்கப்பட்ட தடம் உண்டா, பட்டைக்கடியில் ரப்பர் முழுமையாக இருக்கிறதா. ஐயம் இருந்தால் உங்கள் செலவிலேயே சோதனைக்குக் கொண்டுபோங்கள். எனக்கு அது மூவாயிரம் ரூபாய் ஆயிற்று. என்ஜினை இறுதியில் பாருங்கள். குளிர்ந்த நிலையில் வெளியேற்ற வால்வுகளின் இடைவெளி, இரு எரிபொருளிலும் LTFT. இவை இரண்டும் மோசமாக இருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். சிலிண்டர் மோசமாக இருந்தால் பேரத்துக்கு இடமில்லை, மாற்றியாக வேண்டும்.

சென்ற மாதம் கார் ஒரு லட்சத்து எட்டாயிரம் கிலோமீட்டரைத் தொட்டபோது மறுபடி அளந்தோம். மூன்றாம் உருளையின் அந்த வால்வு 0.13இல் நிற்கிறது. பழைய வேகத்தில் போயிருந்தால் 0.11 ஆகியிருக்கும். வாயு அளவைத் திருத்தியதன் பயனா, அளவிடும் தகட்டின் பிழையா என்று ஓர் அளவை வைத்துச் சொல்வது ஆய்வு ஒழுக்கம் ஆகாது. அடுத்த அளவீட்டுக்குள் டேப்பெட் மாற்ற ஆறாயிரம் ரூபாயைத் தனியே எடுத்துவைத்திருக்கிறோம்.